தனிமொழியும் தனிமூச்சும்

பள்ளி நாடகங்களில் வீரன் ஒருவன் மேடை நடுவில் நின்று நெடுநேரம் தனித்துப் பேசும் பகுதியே பெரும்பாலும் நாடகத்தின் உச்சமாக அமைகிறது. எழுதுபவர் தம் தமிழ்ப்புலமை முழுவதையும் அங்கே கொட்டுகிறார். நடிக்கும் மாணவனும் அதனைப் பல நாள் நெட்டுருச் செய்து பிழையின்றி ஒப்புவிக்கிறான். இருந்தும் விழா நாளன்று பின்வரிசையில் இருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, "என்ன சொன்னவன்?" என்று வினவுதல் பலரும் கண்டதே. அதற்கு மாணவனின் குரல் போதாது என்று காரணங் கூறி, வேறொரு மாணவனைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. குறை பல வேளைகளிற் குரலில் இல்லை. வசனத்தின் அமைப்பிலே இருக்கிறது. அதனை விளக்க வன்னிநாட்டுக்கு உரிய கதையொன்றையே எடுத்துக்கொள்ளுதல் பொருந்தும்.

மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு முதலிய இடங்களின் பாடசாலைகளிற் பண்டாரவன்னியன் கதை மேடையேறுவது புதுமையன்று. 1803ஆம் ஆண்டு ஆகத்து 25ஆம் நாள் அவன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் நிலையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுப் பகுதியில் வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவன் அவனைத் தோற்கடித்தான். அச்செய்தியைப் பொறித்த கல்லொன்றும் அங்கு நாட்டப்பட்டது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட இரண்டு மாதங்களே நாடகாசிரியர்க்கு விளைநிலம். பணிந்துவிடுமாறு கூறும் ஓலையுடன் தூதன் வருதலும் வன்னியன் அதனை மறுத்தலும் இத்தகைய நாடகங்களுக்கு இயல்பான காட்சி. அக்காட்சியில் வரக்கூடிய வசனமொன்று, எடுத்துக்காட்டுக்காக அவ்வகை நாடகங்களின் நடையிலேயே இங்கு புனைந்து தரப்படுகிறது:

"அன்று முல்லைத்தீவுக் கோட்டையினுள்ளே அந்நியன் குவித்துவைத்திருந்த பீரங்கிகளையும் வெடிமருந்தையும் துச்சமென மதித்துக் காடுகடந்து சென்று அவன் படையைக் கடலோரம்வரை துரத்தியடித்து அவனுடைய பீரங்கிகளையே கைப்பற்றிவந்த என்னுடைய வன்னிவீரர்களின் குருதியால் நனைந்த இந்த மண்ணை அந்நியனின் காலடியில் வைத்து வணங்கவேண்டுமென்று நீ கொண்டுவந்த ஓலையை நான் உயிருள்ளவரை ஏற்றுக்கொள்வதென்பது நடவாது!"

தாளில் இதனை வாசிப்போர்க்குக் குற்றம் ஒன்றும் தோன்றாது. இலக்கணப் பிழை இல்லை, வீரச்சுவையும் உண்டு. ஆயினும் இது கண்ணுக்கு எழுதப்பட்ட வாக்கியம். வாயால் இதனைச் சொல்லுதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எண்ணும் முறை தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எழுத்தெண்ணுவதுபோல், மெய்யெழுத்துகளை விலக்கி உயிரையும் உயிர்மெய்யையும் மாத்திரம் எண்ணிவந்தால், மேற்கண்ட வசனம் 144 எழுத்தாகிறது. வீட்டில் விரைந்து பேசும்போது ஒரு வினாடியில் ஆறேழு எழுத்துச் சொல்லலாம். மேடையில், திறந்த வெளியில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகச் சென்றடைய வேண்டுமாயின் வினாடிக்கு நான்கு எழுத்தே சரியான நடை. அக்கணக்கில் இவ்வசனம் 36 வினாடி நீளும்.

இனி மூச்சின் கணக்கு. சும்மா இருக்கும்போது மூச்சை உள்வாங்கும் நேரமும் வெளிவிடும் நேரமும் பெரிதும் வேறுபடுவதில்லை. பேசும்போது உள்வாங்கல் குறுகுகிறது, வெளிவிடல் நீள்கிறது. அந்த நீண்ட வெளிமூச்சின் மீதே சொற்கள் ஏறிச் செல்கின்றன. எழுத்தொலி பிறத்தற்கு உந்தியிலிருந்து எழும் காற்றே முதல் என்று தொல்காப்பியப் பிறப்பியலும் இதனையே தொடக்கமாகக் கொள்ளுகிறது. உரத்துப் பேசுவதற்குக் காற்று மிகுந்த அழுத்தத்துடன் வெளியேற வேண்டும். ஆகையால் விரைவிலே தீர்ந்துவிடும். "ஆ" என்று ஒரே ஒலியை மென்மையாக இழுக்கச் சொன்னால் பதினைந்து வினாடிவரை இழுக்கும் மாணவன்கூட, மேடைக் குரலில் வசனம் பேசும்போது ஆறு முதல் எட்டு வினாடிக்குள் அடுத்த மூச்சைத் தேடத் தொடங்குகிறான். அஃதாவது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து முதல் முப்பது எழுத்து. கட்டளைக் கலித்துறையின் ஓரடி ஒற்று நீக்கிப் பதினாறு அல்லது பதினேழு எழுத்தாக இருத்தலை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஓரடி பாடி, எஞ்சிய மூச்சுடன் அடுத்த அடிக்குச் செல்ல அது தாராளமாக இடந்தருகிறது.

இக்கணக்கை வசனத்தின் மேல் வைத்துப் பார்த்தால் நடப்பது விளங்கும். "பீரங்கிகளையும்" என்ற இடத்தில் 27 எழுத்து முடிகிறது. மாணவனின் முதல் மூச்சும் அங்கேயே முடிகிறது. ஆனால் அவ்விடத்தில் நிறுத்துதற்கு வாக்கியம் இடங்கொடுக்கவில்லை. "வெடிமருந்தையும்" என்பது அடுத்து நின்று இழுக்கிறது. ஆதலால் அவன் வாயைத் திறந்து ஒரு சிறு மூச்சைக் கவ்விக்கொள்கிறான். அது நிறைவான மூச்சன்று. அடுத்த பகுதி முன்னையதிலும் விரைவிலே தீர்கிறது. "கைப்பற்றிவந்த" என்ற பெயரெச்சத்தின் பின் மறுபடியும் திணறுகிறான். பெயரெச்சத்துக்கும் அது தழுவும் பெயருக்கும் இடையே நிறுத்தினால், வந்தவர் யார் என்று கேட்போர் மனம் அந்தரத்தில் நிற்கும். மதித்து, சென்று, துரத்தியடித்து, கைப்பற்றிவந்த, நனைந்த என்று எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வருகின்றன. முற்று எங்கும் வரவில்லை. முற்று வராதவரை பேச்சாளன் மூச்சு வாங்க முடியாது. கேட்போனும் பொருளை இறக்கி வைக்க முடியாது.

இதனிலும் பெரிய இடர் வசனத்தின் இறுதியில் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினை ஈற்றில் நிற்பது. எதிர்மறையும் அவ்வினையிலேயே, அதுவும் அதன் ஈற்றிலேயே நிற்பது. வருவேன், வரமாட்டேன் என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சொல்லின் பிற்பகுதியில் அடங்கிக் கிடக்கிறது. மூச்சோ எப்பொழுதும் ஈற்றிலேயே குன்றுவது. ஆகவே தமிழில் மூச்சு குன்றும் இடமும் வாக்கியத்தின் உயிர்நிலையும் ஒன்றாய்ப் போகின்றன. மேற்காட்டிய வசனத்தில் "காலடியில் வைத்து வணங்கவேண்டும்" என்பதைச் சொல்ல மாணவனிடம் ஓரளவு மூச்சு இருக்கலாம். "நடவாது" என்னும்போது ஒன்றும் இராது. பின்வரிசையில் உள்ள முதியவர் கேட்பது, அந்நியன் காலடியில் வணங்க வேண்டும் என்று வன்னியன் சொன்னதாகவே. பணியமாட்டேன் என்றவனைப் பணியச் சொன்னவனாக்கிவிடும் இப்பிழை, கதை அறிந்த ஊரிற் சிரிப்பை விளைக்கும்; கதை அறியாத சிறுவர்க்குப் பொருளையே மாற்றிவிடும்.

"நடவாது" என்ற சொல்லின் ஈறும் உதவி செய்வதாயில்லை. அதன் இறுதி எழுத்து உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். இயல்பாகவே அரை மாத்திரையளவாய்க் குறுகி ஒலிப்பது. இதழ் குவியாமலே முடிவது. நிறைந்த மூச்சிலும் நெடுந்தூரம் செல்லாத அவ்வொலி, தீர்ந்த மூச்சில் உதட்டைத் தாண்டாது. இதற்கு மாறாக -ஏன், -ஓம், -ஆய் என முடியும் வினைகள் இரண்டு மாத்திரை நெடில் உடையவை. வாய் திறந்து ஒலிப்பதாலும், ஈற்றில் மெல்லினம் நின்று மூக்கொலியால் முழங்குவதாலும் -ஏன், -ஓம் என்பன தொலைவிற் கேட்கும். ஊரில் ஒருவரைக் குளத்தின் அக்கரையிலிருந்து கூப்பிடுவோர், பெயரின் ஈற்றை ஏகாரமாகவோ ஓகாரமாகவோ நீட்டி அழைப்பதும் இதுபற்றியே. இலக்கண நூலார் இதனைச் சேய்மை விளியின் அளபெடை என்பர்.

மல்லாவிப் புறத்து விழா மேடைகளின் தன்மையும் இவற்றோடு சேர்கிறது. மண்டபம் உள்ள இடங்களிற் கூரை பெரும்பாலும் தகரம் அல்லது சீற்று, சுவர் அரைச்சுவர். மண்டபம் இல்லாத இடங்களில் மைதானத்தில் மேடை. திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போது ஒலியின் செறிவு நாலிலொன்றாகக் குறைகிறது. திருப்பி அனுப்பச் சுவரும் இல்லை. ஆண்டின் நடுப்பகுதியிற் கச்சான் வீசினால் சொற்களை ஒரு பக்கம் அள்ளிச் செல்லும். மாரிகாலத்து விழாவென்றால் தகரத்தில் விழும் மழைத்துளி போதும். ஒலிவாங்கி இருக்கிறதே என்பர். அது இருக்கிற ஒலியைப் பெருக்கும். இல்லாத ஒலியைப் படைக்காது. "நடவா" என்பது பெருகிக் கேட்கும். முன்னைய திணறல் மூச்சும் பெருகிக் கேட்கும். வாளைச் சுழற்றிக்கொண்டு தலையைத் திருப்பும் வீரனின் பாதிச் சொற்கள் அதற்கு எட்டுவதும் இல்லை.

இவ்வகை நெடுவசனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பழைய கூத்து அதற்குப் பொறுப்பன்று. முல்லைத்தீவுப் பகுதிக்குரிய கோவலன் கூத்து முதலியவற்றில் ஆடுவோன் ஓரடி பாடியவுடன் பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். கேட்போர்க்கு அவ்வடி இரண்டாம் முறை கிடைக்கிறது; ஆடுவோனுக்கு ஆறுதலான ஒரு மூச்சும் கிடைக்கிறது. விடியும்வரை ஆடிப்பாடும் கலையில் அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் தொண்டை நில்லாது. 1891இற் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் போன்றோர் உரைநடை நாடகத்தை வளர்த்தனர். அம்மரபை ஈழத்துக்குக் கொணர்ந்தவருட் கலையரசு சொர்ணலிங்கம் தலையாயவர். பாட்டுப் போய் உரை வந்தபோது பிற்பாட்டும் போயிற்று. மூச்சு வாங்கும் இடத்தை இனி எழுதுபவரே அமைக்க வேண்டியதாயிற்று. பின்னர் 1952இற் "பராசக்தி"யும் 1959இல் "வீரபாண்டிய கட்டபொம்மன்" என்ற திரைப்படமும் வந்தன. அவற்றின் அடுக்குவசனங்கள் வானொலியிலும் இசைத்தட்டிலும் ஒலித்து மாணவர் வாயில் குடிபுகுந்தன. சிவாஜி கணேசன் சிறுவயதிலிருந்தே நாடகக் குழுக்களிற் பயின்று மூச்சைப் பழக்கியவர். அன்றியும் திரைப்படத்தில் ஒலிவாங்கி அருகில் இருக்கும். காட்சியைத் துண்டு துண்டாக எடுக்கவும் இயலும். மகரக்கட்டு உடையும் பருவத்துப் பதினான்கு வயது மாணவன் கச்சான் காற்றில் நின்று அதே வசனத்தைப் பேசுவது வேறு.

திருத்த முற்படுவோர் முதலிற் செய்யும் தவறு, வசனத்தைக் கொத்தி எறிவது. "கோட்டை! பீரங்கி! அஞ்சவில்லை! காடு கடந்தோம்! வென்றோம்! பறித்தோம்! ஓலையா? மாட்டேன்!" என்று அமைத்தால் மூச்சுத் திணறல் தீரும் என்று தோன்றும். உண்மையில் வேறொரு திணறல் வரும். ஒவ்வொரு வியப்புக்குறியிலும் மாணவன் சிறிது மூச்சை உள்ளே இழுக்கிறான்; உள்ளிருப்பதை முழுதும் செலவு செய்யுமுன் மேலும் இழுக்கிறான். சுவாசப்பை நிறைந்தே இருக்கும், ஆயினும் மூச்சு முட்டுவது போன்ற உணர்வு எழும், தோள்கள் மேலேறும், குரல் உச்சத்தில் ஒட்டிக்கொள்ளும். கேட்போர்க்கும் வரவுப்பட்டியல் வாசிப்பதுபோல் இருக்கும். வீரனின் பெருமிதம் அதில் இல்லை. வசனம் குறுகவேண்டும் என்பதன்று. மூச்சின் அளவில் மடியவேண்டும் என்பதே. மடிப்புகள் ஒரே அளவாக இருத்தலும் கூடாது.

கீழே தரப்படுவது திருத்திய வடிவம். ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சு.

"தூதனே! முல்லைத்தீவுக் கோட்டையை நீ அறிவாய்.
அங்கே குவிந்து கிடந்தன பீரங்கிகள்; அஞ்சினோமா?
காடு கடந்தோம். கடலோரம் வரை அவனை விரட்டினோம். அவன் பீரங்கியையே பறித்து வந்தோம்.
இந்த மண்ணில் என் வீரர் குருதி இன்னும் காயவில்லை.
இதையா நான் அவன் காலடியில் வைப்பேன்?"

இங்கே தூதன் குறுக்கிட்டு, "முடிவு இதுதானா, மன்னா?" என்கிறான்.

"கொண்டு போ உன் ஓலையை.
உயிர் உள்ளவரை வணங்கமாட்டேன்!"

முன்போல எழுத்தெண்ணினால் வன்னியனின் வரிகள் முறையே 14, 17, 30, 16, 12, 7, 11, மொத்தம் 107. பழைய வசனத்திற் கால்பங்கு போய்விட்டது. போனவை எவை என்று பார்த்தல் நன்று. துச்சமென மதித்தது போயிற்று, "அஞ்சினோமா?" என்ற வினா அதனைச் செய்கிறது. வெடிமருந்து போயிற்று, பீரங்கி இருக்கும்போது அது இல்லாமலே பொருள் நிற்கும். "அந்நியன்" என்ற சொல் போனது ஓரிழப்பே. தூதன் முன்னே நிற்க, "அவன்" என்று சுட்டினாலே அவனை அனுப்பியவன் யார் என்பது விளங்குமாதலின் அவ்விழப்பைப் பொறுக்கலாம். நெடுவசனத்தின் எச்சவடுக்கில் இருந்த ஆற்றொழுக்கும் போயிற்று. அதனை விரும்பும் தமிழாசிரியர் இருப்பர். அவர் விருப்பம் பிழையன்று. வாசிப்பதற்கான பதிப்பொன்றில் பழைய வடிவத்தையே அச்சிடலாம்.

ஒவ்வொரு வரியின் ஈற்றையும் நோக்குக. அறிவாய், அஞ்சினோமா, வந்தோம், காயவில்லை, வைப்பேன், வணங்கமாட்டேன். குற்றியலுகரத்தில் முடியும் வரி ஒன்றும் இல்லை. முற்றுவினைகள் முன்பு ஒன்றே இருந்தது; இப்பொழுது பத்து. எச்சங்களை முற்றாக்கியதே திருத்தத்தின் பெரும்பகுதி. "கடந்து" என்பது "கடந்தோம்" ஆயிற்று. மூச்சு வாங்க ஓரிடம் பிறந்தது. தொலைவிற் கேட்கும் ஓர் ஈறும் கிடைத்தது. இரண்டிடங்களில் வினை தன் இடம் விட்டு முன்னே வந்துள்ளது: "கிடந்தன பீரங்கிகள்", "கொண்டு போ உன் ஓலையை." இது செய்யுளுக்கு மாத்திரம் உரிய மாற்றமன்று. சினங்கொண்டவன் பேச்சில் வினை தானே முந்தும் என்பதை எந்தத் தெருச் சண்டையிலும் கேட்கலாம். வினை முந்தினால் அது நிறைமூச்சின் மேல் விழுகிறது; ஈற்றில் நிற்கும் ஓலை சற்றுத் தேய்ந்தாலும் கேடில்லை, ஏனெனில் அது தூதன் கையில் எல்லோர்க்கும் தெரிகிறது.

மூன்றாம் வரி மாத்திரம் 30 எழுத்தாக நீண்டிருப்பது வேண்டுமென்றே. வெற்றியை நினைத்து எழும் வேகம் ஒரே மூச்சில் ஓடினால்தான் சுவைபடும். ஏழரை வினாடி நீளும் அவ்வரிக்கு முன்னே நிறைந்த மூச்சு வேண்டும். அதற்காகவே இரண்டாம் வரி வினாவாக முடிகிறது. "அஞ்சினோமா?" என்று கேட்டுவிட்டு வீரன் தூதன் முகத்தை நோக்கி நிற்கலாம், அவை மறுமொழிக்குக் காத்திருக்கும். அந்த அமைதியில் அவன் மூச்சு வாங்குவது எவர்க்கும் மூச்சு வாங்குதலாகத் தோன்றாது. அவ்வளவு மூச்சில்லாத மாணவனாயின் "விரட்டினோம்" என்றவிடத்தில், 18 எழுத்து முடிந்த நிலையில், சிறு மூச்சொன்று வாங்க இடமுண்டு. முற்று நின்ற இடமாதலால் பொருள் சிதையாது.

"அஞ்சினோமா" என்பதற்கு முன் "நாம்" என்று ஒரு சொல்லை இடும் ஆசை எழக்கூடும். தமிழில் அது பிழையாகும். நாம் என்பது கேட்போனையும் உளப்படுத்துவது. பகைவனின் தூதனை நோக்கி வன்னியன் அவ்வாறு சொல்லான். "நாங்கள்" என்பது சரி, ஆயினும் ஓகார ஈறே தன்மைப் பன்மையைக் காட்டிவிடுவதால் அதுவும் வேண்டியதில்லை.

தூதனின் குறுக்கீடு கூத்தின் பிற்பாட்டு செய்த வேலையைச் செய்கிறது. அவன் பேசும் இரண்டு மூன்று வினாடியில் வீரன் வாயை மூடி, மூக்கின் வழியாக, பிரிமென்றகடு இறங்கி வயிறு முன்தள்ளுமளவு மூச்சு வாங்கலாம். அக்காட்சிக்குச் சற்று முன் வாட்போர் வைத்திருந்தால் இத்தகைய குறுக்கீடு ஒன்று போதாது. போர் முடிந்தவுடன் வீரனைப் பேசவிடாமல், தளபதியோ தூதனோ நாலைந்து வரி பேசிய பின்னரே அவன் வாய் திறக்க வேண்டும். இரைக்க இரைக்கப் பேசுவது உண்மை போலத் தோன்றும் என்று சிலர் கருதுவர். நடிப்பால் இரைப்பது வேறு. மூச்சில்லாமல் இரைப்பது வேறு. பின்னதில் சொல் இராது.

பிரதியை எழுதும் முறையிலும் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. சந்தி சேர்த்து எழுதிய பிரதியைப் பார்த்துப் படிக்கும் மாணவன், கண்ணிற் கண்டபடியே சொற்களை ஒட்டிச் சொல்கிறான். "மதித்துக் காடுகடந்து" என்பதில் மிகுந்து நிற்கும் ககரவொற்று, அடுத்த சொல்லைப் பிடித்திழுக்கும் கொக்கி. நிறுத்த வேண்டிய இடத்தில் அவ்வொற்று இருந்தால் மாணவன் நிறுத்தமாட்டான். நிறுத்தினாலும் "மதித்துக்" என்று தொண்டையை அடைத்து நிறுத்துவான். நிறுத்தம் வரும் இடத்திற் புணர்ச்சி இல்லை. ஆதலால் நடிகன் கைப்பிரதியில் மூச்சு வாங்கும் இடங்களில் வல்லொற்றை எழுதாது விடுதலும், "உயிருள்ளவரை" என்பதை "உயிர் உள்ளவரை" எனப் பிரித்தெழுதுதலும் தகும். ஒரே மூச்சுக்குள் வரும் "முல்லைத்தீவுக் கோட்டையை" என்பதில் ஒற்று நிற்கவே வேண்டும். அங்கே நிறுத்தம் வேண்டியதில்லை.

திருத்தம் பயன்பட்டதா என்பதை அறிதற்கு எழுதியவர் தம் செவியை நம்புதல் கூடாது. வசனத்தை அறிந்தவர் காதில் வராத சொல்லும் வந்ததாகவே படும். நாடகத்தோடு தொடர்பில்லாத மாணவன் ஒருவனை, விழா நாளிற் பின்வரிசை இருக்கும் தூரத்தில், முதுகு காட்டி இருத்தித் தாளும் பென்சிலும் கொடுத்தல் வேண்டும். ஒலிவாங்கி இல்லாமல் வீரன் வசனத்தைச் சொல்ல, கேட்ட சொற்களை அவன் எழுதுவான். எழுதப்படாத சொற்கள் வரியின் ஈற்றிலே விழுந்தால் மூச்சு குறை; வரியைச் சுருக்குதல் அல்லது மூச்சிடத்தை முன்னே நகர்த்துதல் வேண்டும். வரியின் நடுவில் விழுந்தால் அது பெரும்பாலும் நாக்குத் தடுமாறும் இடம். சொல்லை மாற்றுதல் வேண்டும். எங்கும் பரவலாக விழுந்தால் வேகம் மிகுதி, வசனத்திற் குறையில்லை. அதேவேளை மற்றொருவர் வீரனின் அருகில் நின்று தோளையும் கழுத்தையும் பார்க்கவேண்டும். தோள் உயர்ந்தாலோ, கழுத்து நரம்பு புடைத்தாலோ, மூச்சு வாங்கும் ஒலி கேட்டாலோ அந்த வரிக்கு முன்னுள்ள நிறுத்தம் போதவில்லை என்பது பொருள்.

மகரக்கட்டு உடையும் பருவத்து மாணவனுக்கு இவ்வளவு செய்தும் ஒரு வரம்பு உண்டு. அவன் குரல் ஒரு நாள் தாழ்ந்தும் ஒரு நாள் கீச்சிட்டும் இருக்கும். உரக்கக் கத்தப் பழக்கினால் தொண்டை புண்படும். அவனுக்கு மூன்றாம் வரியை இரண்டு மூச்சாக மடித்து, இறுதி வரியைத் தாழ்ந்த சுருதியிற் சொல்லவிடுதலே முறை. "உயிர் உள்ளவரை" என்பதன் பின் ஒரு கணம் நின்று, மூச்சு மீதியிருக்கும்போதே "வணங்கமாட்டேன்" என்பதில் "மா" என்ற நெடிலுக்கு உரிய இரண்டு மாத்திரையையும் முழுதாகக் கொடுத்தால், உரத்த குரல் இல்லாமலே அச்சொல் மைதானத்தின் எல்லையிலுள்ள மரத்தடிவரை சென்று சேரும்.